ஆடிட்டரின் மூன்று வரிகளை எப்படிப் படிப்பது?

பட்டயக் கணக்காளர் ஒருவரின் இணையப் பக்கத்தையோ அறிமுகத் தாளையோ எடுத்துப் பாருங்கள். முதலில் ஆடிட் வகைகள் வரும்: கம்பெனி ஆடிட், டாக்ஸ் ஆடிட், வங்கிக் கிளை ஆடிட். அடுத்து வரி: வருமான வரி, ஜிஎஸ்டி, டிடிஎஸ். கடைசியில் ‘தொழில் ஆலோசனை’ என்று ஒரு வரி. பத்துப் பேரின் பக்கங்களை அருகருகே வைத்தாலும் பெயரையும் முகவரியையும் தவிர பெரிய வேறுபாடு தெரியாது. லேத் பட்டறை வைத்திருப்பவரோ அச்சகம் நடத்துபவரோ இந்த வரிகளைப் படித்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அதனால் பக்கத்துப் பட்டறைக்காரர் யாரிடம் போகிறாரோ அவரிடமே போகிறார், அல்லது யார் கட்டணம் குறைவாகச் சொல்கிறாரோ அவரைப் பிடித்துக்கொள்கிறார்.

அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, சட்டமும்தான். 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், தொழில் செய்யும் உறுப்பினர் விளம்பரம் மூலமோ சுற்றறிக்கை மூலமோ நேரில் போய்க் கேட்டோ வாடிக்கையாளர் பிடிப்பதைத் தொழில் ஒழுங்குமீறல் என்கிறது. 2006-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தம் சேவைகளையும் நிறுவன விவரங்களையும் ஒரு குறிப்பாக எழுதி வெளியிட அனுமதி கிடைத்தது. அந்தக் குறிப்பில் என்ன இருக்கக்கூடாது என்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2008-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வாடிக்கையாளர்களின் பெயர் வரக்கூடாது, மற்றவரைவிட நாங்கள் மேல் என்று சொல்லக்கூடாது, வாடிக்கையாளர் கொடுத்த பாராட்டுரையைப் போடக்கூடாது என்பவை அவற்றில் சில. இணையப் பக்கத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த மாதிரி வேலைகளைச் செய்திருக்கிறோம் என்ற விவரத்தைத் தேடி வந்து கேட்பவருக்குத்தான் காட்டலாம், வலியப் போய்க் காட்டக்கூடாது.

இந்தக் கடைசி விதியைச் சிறுதொழில் செய்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மூன்று வரிக்கும் பின்னால் இருக்கும் அனுபவத்தை ஆடிட்டர் தாமாக விரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டால் சொல்லலாம், வாடிக்கையாளரின் பெயரை மட்டும் சொல்லாமல். அப்படியானால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். வாடிக்கையாளரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் இளம் ஆடிட்டரும் இதே விதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தக் கேள்வி வந்தாலும் அந்தத் தொழிலின் கணக்கை வைத்தே பதில் சொல்லத் தயாராக இருப்பதுதான் அவருக்கு எஞ்சியிருக்கும் நியாயமான வழி.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. ஒரு கற்பனைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிஎன்சி பட்டறை, தனிநபர் நடத்துவது. வார்ப்படச் சாலையிலிருந்து வார்ப்பு வாங்கி, கடைந்து, பம்பு கம்பெனிகளுக்கு விற்கிறார். ஆண்டு விற்பனை 1 கோடியே 80 லட்சம் ரூபாய், முழுவதும் வங்கி வழியாகவே வருகிறது. ஏற்கெனவே வங்கியில் 25 லட்சத்துக்கு சிசி லிமிட் இருக்கிறது. வருகிற ஆண்டு விற்பனை 2 கோடியே 20 லட்சத்தைத் தொடும் என்பதால் லிமிட்டை உயர்த்த வேண்டும். இதற்காக ஒரு பெண் ஆடிட்டரைப் பார்க்கப் போகிறார். அவருடைய பக்கத்திலும் அதே மூன்று வரிகள்தான்.

“மேடம், நீங்க பேங்க் ஆடிட் எல்லாம் பண்ணியிருக்கறதாப் போட்டிருக்கீங்க. நம்ம பட்டறைக்கு அது எதுக்குங்க?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. சரியான ஆடிட்டர் இதற்குத் தம் பெருமையைச் சொல்ல மாட்டார். “போன மார்ச் மாசம் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டும், இன்கம் டாக்ஸ் ரிட்டர்னும் கொண்டுவந்திருக்கீங்களாண்ணா?” என்று கேட்பார்.

ஏன் அந்த இரண்டு தாள்? வங்கிக் கிளை ஆடிட்டுக்குப் போகிறவர் அங்கே கடன் கணக்குகளைத்தான் பார்க்கிறார். மாதாமாதம் கடன்காரர் கொடுக்கும் சரக்கு விவரம் வந்திருக்கிறதா, அதை வைத்து வங்கி எவ்வளவு பணம் எடுக்க அனுமதித்தது, வட்டி கட்டாமல் 90 நாள் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைச் செய்தவருக்கு, ஒரு சிறுதொழிலின் காகிதங்களில் வங்கி எங்கே கை வைக்கும் என்பது தெரிந்திருக்கும். வங்கிக் கிளை ஆடிட் அனுபவத்தால் உங்களுக்கு வரும் பயன் இதுதான்.

நம் பட்டறைக்காரரின் தாள்களில் ஒரு சிக்கல் உடனே தெரிகிறது. மார்ச் 31 தேதியிட்ட ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சரக்கு 42 லட்சம். அதே தேதிக்கு வருமான வரி ரிட்டர்னில் காட்டிய சரக்கு 18 லட்சம். வித்தியாசம் 24 லட்சம். லிமிட்டை முழுசாக எடுக்க வேண்டும் என்று வங்கிக்குக் கூட்டி எழுதியிருக்கிறார்கள், ரிட்டர்னில் பழைய ஆள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார். ‘சுகம்’ என்று பெயரிட்ட எளிய ரிட்டர்னில் கணக்குப் புத்தகம் தேவையில்லை என்றாலும், சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, கையிருப்புப் பணம் ஆகிய எண்களைக் கேட்கிறார்கள். நிறையப் பேர் அந்தக் கட்டங்களை அலட்சியமாக நிரப்புகிறார்கள்.

வருமான வரி அதிகாரி இந்த வித்தியாசத்தைப் பிடித்தால், 24 லட்சத்தைக் கணக்கில் காட்டாத முதலீடு என்று எடுத்துக்கொள்ள முயலலாம். அதற்கான வரி விகிதம் சாதாரண வியாபார வருமானத்துக்கு உள்ளதைவிட மிகக் கடுமையானது. வங்கிக்குக் கூட்டிச் சொன்னதுதான், உண்மையில் அவ்வளவு சரக்கு இல்லை என்று வாதாடி ஜெயித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வாதத்தைச் சொல்வது வங்கிக்குப் பொய்க்கணக்குக் கொடுத்தேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதற்குச் சமம். இன்று லிமிட் உயர்த்தக் கேட்டால் வங்கியே ரிட்டர்னையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் எடுத்து ஒப்பிடுகிறது. ஆகவே முதல் வேலை சரக்கை உள்ளபடி எண்ணுவது. வார்ப்பு, பாதி கடைந்தது, முடிந்தது என்று பிரித்து எண்ணி விலை போட்டால் 30 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வங்கிக்கும் வரித்துறைக்கும் அந்த ஒரே எண்தான் போக வேண்டும். நடந்துபோன ஆண்டின் ரிட்டர்னைத் திருத்த இன்னும் அவகாசம் இருந்தால் திருத்திவிடுவது நல்லது.

ஆடிட் அனுபவம் என்று போட்டிருக்கும் எல்லாமே இப்படிப் பயன்படும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஒருவர், பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் ஆடிட்டில் இரண்டு ஆண்டு முழுக்க இயந்திரச் சொத்துகளைச் சரிபார்க்கும் ஒரு பகுதியை மட்டுமே செய்திருக்கலாம். அது நல்ல பயிற்சிதான். ஆனால் சனிக்கிழமை கூலியை ரொக்கமாகக் கொடுக்கும் பட்டறையின் கணக்கு அவருக்குப் புதிது. சிறிய ஊரின் சிறிய ஆடிட் அலுவலகத்தில் பயிற்சி பெற்றவரோ வவுச்சர் பார்ப்பதிலிருந்து பேலன்ஸ் ஷீட் போட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்து, அதிகாரி முன்னால் போய் நிற்பது வரை எல்லாம் பார்த்திருப்பார். பெரிய பெயரைக் கண்டு மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. ‘அந்த ஆடிட்டில் உங்கள் கையால் செய்தது எது?’ என்று கேட்டுவிடுங்கள்.

இனி டாக்ஸ் ஆடிட். எங்கள் சேவைகள் என்ற பட்டியலில் இது கட்டாயம் இருக்கும். நம் பட்டறைக்கு அது வேண்டுமா? 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டதால், எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் பார்ப்போம். ரொக்க வரவு மொத்த விற்பனையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால், விற்பனை 3 கோடி வரை உள்ள சிறு வியாபாரி உத்தேச லாப முறையில் வரி கட்டலாம். வங்கி வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம். 1 கோடியே 80 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம். இந்த முறையில் இருக்கும்வரை கணக்குப் புத்தகமும் கட்டாயமில்லை, டாக்ஸ் ஆடிட்டும் கட்டாயமில்லை.

ஆகவே முதல் சந்திப்பிலேயே ஆடிட்டர், “உங்களுக்கு டாக்ஸ் ஆடிட் தேவையில்லைங்கண்ணா” என்று சொல்ல வேண்டும். தமக்கு வருமானம் தரக்கூடிய வேலையைத் தேவையில்லை என்று சொல்கிறாரா என்பதை நான் பெரிய சோதனையாகவே வைப்பேன். அதோடு ஒரு எச்சரிக்கையும் அவர் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ஆண்டு தொழில் மந்தமாகி, உண்மையான லாபம் 4 சதவீதம்தான் என்று காட்டினால், உத்தேச முறையிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். அடுத்த 5 ஆண்டுக்குத் திரும்ப உள்ளே போக முடியாது. அந்த ஆண்டுகளில் வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கும் எழுத வேண்டும், ஆடிட்டும் செய்ய வேண்டும்.

விற்பனை 3 கோடியைத் தாண்டி வளர்ந்துவிட்டால் வேறு கதை. அப்போது சாதாரண முறைக்கு வந்துவிடுவார். அங்கே டாக்ஸ் ஆடிட்டுக்கான எல்லை 1 கோடி. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் இரண்டுமே 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் அந்த எல்லை 10 கோடியாகிறது. இங்கேதான் சனிக்கிழமைக் கூலி குறுக்கே வரும். மொத்தப் பணப் பட்டுவாடா 2 கோடியே 80 லட்சமாக இருந்து, அதில் கூலி மட்டும் 28 லட்சம் ரொக்கமாகப் போனால் அது 10 சதவீதம். விற்பனை முழுவதும் வங்கி வழியாக வந்தாலும் பயனில்லை, ஆடிட் கட்டாயமாகிவிடும். கூலியைத் தொழிலாளர்களின் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்தக் கட்டாயம் போய்விடும். இந்த மாற்றத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஆண்டு முடிந்தபின் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆடிட்டரை செப்டம்பர் மாதம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்கள் காலம் கடந்தே தெரியவருகின்றன.

வரியில் தனித்திறமை என்ற இரண்டாவது வரிக்கு வருவோம். ஜிஎஸ்டி என்று எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுவது ஒரு வேலை, ஜிஎஸ்டி தெரிந்திருப்பது வேறு வேலை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: ‘நான் வாங்கிய பில் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’

பட்டறைக்காரர் வார்ப்படச் சாலையிலிருந்து 5 லட்சத்துக்கு வார்ப்பு வாங்குகிறார், அதன் மேல் 18 சதவீத வரி 90 ஆயிரம். அந்த 90 ஆயிரத்தை அவர் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வார்ப்படச் சாலை அந்தப் பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால்தான் வாங்கியவரின் 2பி-யில் அது தெரியும். தெரியாத பில்லுக்குக் கழிவு எடுத்தால், எடுத்ததற்கும் 2பி-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு இணையதளத்திலிருந்தே அறிவிப்பு வந்துவிடும். 7 நாளுக்குள் பதில் சொல்லவோ பணத்தைக் கட்டவோ வேண்டும்.

ரிட்டர்ன் போடுவதோடு நின்றுவிடுகிறவர் 2பி-யில் உள்ளதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நோட்டீஸ் வராது. ஆனால் 90 ஆயிரம் எங்கோ தொங்கிக்கொண்டிருப்பது பட்டறைக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஜிஎஸ்டியை உண்மையாகக் கையாள்கிறவர், வாங்கிய பில்களையும் 2பி-யையும் மாதாமாதம் ஒப்பிட்டு, வராதவற்றை ஒரு பட்டியலாகக் கையில் கொடுப்பார். அந்த வார்ப்படச் சாலைக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அதுவரை அடுத்த பில்லில் வரித் தொகையை நிறுத்திவையுங்கள் என்பார். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அடுத்து வரும் நவம்பர் 30-உடன் கழிவு எடுக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அன்றோடு முடிந்தது. அதன்பிறகு அந்த 90 ஆயிரம் பட்டறைக்காரரின் சொந்த நஷ்டம். அதேபோல, வாங்கிய சரக்குக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கழிவை வட்டியோடு திருப்ப வேண்டும். இந்தத் தேதியையும் நினைவுபடுத்துகிறாரா என்று பாருங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சிலர் தம் சேவைப் பட்டியலில் ‘ஜிஎஸ்டி ஆடிட்’ என்று இன்னும் வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட விற்பனையைத் தாண்டினால் பட்டயக் கணக்காளரின் ஜிஎஸ்டி ஆடிட் கட்டாயம் என்ற விதி 2021 ஆகஸ்ட் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது 5 கோடிக்கு மேல் விற்பவர்கள் ஒப்பீட்டு அறிக்கையைத் தாங்களே சான்றளித்துத் தாக்கல் செய்கிறார்கள். துறை அதிகாரிகள் வந்து செய்யும் ஆடிட் தொடர்கிறது, அதற்கு உதவுவது உண்மையான சேவைதான். அந்தப் பட்டியலில் இருப்பது எது என்று கேட்டால், அவர் தம் பக்கத்தைக் கடைசியாக எப்போது திருத்தினார் என்பது வெளிவந்துவிடும்.

மூன்றாவது வரியான ஆலோசனைதான் மிகவும் தெளிவில்லாத வரி. இதில் என்ன வேண்டுமானாலும் அடங்கும். நம் பட்டறைக்கு அதன் பொருள் ஒன்றுதான்: சிசி லிமிட். நாயக் குழுவின் பரிந்துரைப்படி வங்கிகள் சிறு தொழில்களுக்கு ஒரு எளிய கணக்கைப் பின்பற்றுகின்றன. வரப்போகும் ஆண்டு விற்பனையில் கால்பங்கு நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும், அதில் விற்பனையின் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும். 2 கோடியே 20 லட்சம் விற்பனைக்கு 55 லட்சம் தேவை, வங்கி தருவது 44 லட்சம், சொந்தப் பணம் 11 லட்சம். விற்பனை கூடும் என்பதற்கு கையில் உள்ள ஆர்டர்களையும் மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்களையும் ஆதாரமாக வைத்து விண்ணப்பம் தயாரித்தால் 44 லட்சம் கிடைத்துவிடக்கூடும். ஆலோசகர்களில் பலர் இந்த இடத்திலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

லிமிட் 44 லட்சம் என்றால் 44 லட்சம் எடுக்க முடியும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மாதமும் சரக்கையும் பாக்கியையும் வைத்து, எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்குப் போடுகிறது. நம் பட்டறையில் சரக்கு 30 லட்சம். அதில் 10 லட்சத்துக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. மீதி 20 லட்சத்தில் கால்பங்கைக் கழித்தால் 15 லட்சம். பம்பு கம்பெனிகளிடமிருந்து வரவேண்டியது 50 லட்சம். அதில் 14 லட்சம் 90 நாள் தாண்டிய பழைய பாக்கி, வங்கி அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. மீதி 36 லட்சத்தில் 40 சதவீதம் கழித்தால் 21 லட்சத்து 60 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 36 லட்சத்து 60 ஆயிரம். கழிவு விகிதமும் நாள் எல்லையும் வங்கிக்கு வங்கி மாறும், கணக்கின் போக்கு இதுதான்.

44 லட்சத்துக்கு லிமிட் வாங்கி, அதற்கான கட்டணங்களும் கட்டிய பிறகு, 7 லட்சத்து 40 ஆயிரத்தைத் தொட முடியவில்லை. அந்த 14 லட்சப் பாக்கி 90 நாளுக்குள் இருந்திருந்தால் அதன் 60 சதவீதம், அதாவது 8 லட்சத்து 40 ஆயிரம் கூடியிருக்கும், முழு லிமிட்டையும் எடுத்திருக்கலாம். பாக்கி வசூலானாலோ 14 லட்சமும் வட்டியில்லாப் பணமாகக் கையில் இருக்கும். ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சரக்கைக் கூட்டி எழுதும் பழக்கமும் இந்தப் பள்ளத்தை மறைக்கத்தான் தொடங்குகிறது. ஆக, நல்ல ஆலோசகர் லிமிட்டைப் பற்றிப் பேசும்போதே அந்த 14 லட்சம் யாரிடம் நிற்கிறது என்று கேட்பார்.

அதை வாங்க ஒரு வழியும் அவரிடம் இருக்க வேண்டும், அது வரிச் சட்டத்திலிருந்தே வருகிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை ஆண்டு முடிவதற்குள் கொடுக்காதவர் அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. என்றைக்குக் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் செலவாகும். 14 லட்சத்தை நிறுத்திவைத்த பம்பு கம்பெனியின் லாபத்தில் அந்த 14 லட்சம் கூடிவிடும், அதற்கு வரியும் கட்ட வேண்டும். பிப்ரவரியில், தம் உத்யம் பதிவு எண்ணையும் பாக்கிப் பட்டியலையும் இணைத்து, இந்த விதியைச் சுட்டி மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினால் அந்தக் கம்பெனியின் ஆடிட்டரே பணத்தைக் கொடுத்துவிடச் சொல்லுவார். சண்டை போட்டுப் பெரிய ஆர்டரை இழக்க வேண்டியதில்லை. இதற்குச் சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கத்தி இந்தப் பக்கமும் வெட்டும். வார்ப்படச் சாலையும் உத்யம் பதிவு பெற்றதாக இருந்தால், நம் பட்டறைக்காரர் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கும் இதே விதி. உத்தேச லாப முறையில் இருக்கும்வரை அது அவரைத் தொடாது, ஏனெனில் அங்கே செலவைத் தனித்தனியாகக் கழிப்பதே இல்லை. 3 கோடியைத் தாண்டிச் சாதாரண முறைக்கு வரும் ஆண்டில் திடீரென்று தொடும். முதல் வரியில் உள்ள ஆடிட், இரண்டாவது வரியில் உள்ள வரி, மூன்றாவது வரியில் உள்ள ஆலோசனை மூன்றும் இப்படி ஒரே பாக்கிப் பட்டியலில் வந்து சேர்கின்றன. சிறுதொழிலுக்கு ஏற்ற ஆடிட்டர் அந்தப் பட்டியலை வைத்து மூன்றையும் சேர்த்துப் பேசத் தெரிந்தவர்.

மூன்றும் ஒரே ஆளிடம் கிடைத்தால் வசதிதான். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. கணக்கை எழுதியவரே அந்தக் கணக்கை ஆடிட் செய்து கையெழுத்துப் போடக் கூடாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், அதன் ஆடிட்டர் அந்தக் கம்பெனிக்குக் கணக்கெழுதுவதையும் உள் ஆடிட் செய்வதையும் கம்பெனிச் சட்டமே தடுக்கிறது. ‘கணக்கும் நாங்களே எழுதி, ஆடிட்டும் நாங்களே பண்ணிடுவோம்’ என்று சொல்கிறவர் உங்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை. அந்தக் கையெழுத்தை யாராவது கேள்வி கேட்டால் உங்கள் பேலன்ஸ் ஷீட்டின் மதிப்பே போய்விடும். அதேபோல, ஆடிட் கட்டணம் லாபத்தில் இத்தனை சதவீதம் என்றோ, கடன் கிடைத்தால் மட்டும் என்றோ முடிவைப் பொறுத்து இருக்கக் கூடாது.

வங்கிக்கு ஒரு பேலன்ஸ் ஷீட், வரித்துறைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் என்று போட்டுக்கொடுக்க ஒப்புக்கொள்கிறவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். 2019 முதல் பட்டயக் கணக்காளர் கையெழுத்திடும் ஒவ்வொரு ஆடிட் அறிக்கைக்கும் சான்றிதழுக்கும் யுடின் என்ற 18 இலக்க அடையாளம் கட்டாயம். அதை உருவாக்கும்போதே அந்த ஆவணத்தின் முக்கியத் தொகைகளையும் பதிவுசெய்ய வேண்டும். வங்கி அதை இணையத்தில் சரிபார்க்கிறது. தொகை ஒத்துப்போகவில்லை என்றால் மாட்டிக்கொள்பவர் ஆடிட்டர் மட்டும் அல்ல, கையெழுத்திட்ட உரிமையாளரும்தான்.

பழைய ஆடிட்டரை விட்டுப் புதியவரிடம் போகும்போது, ஆடிட்டை ஏற்கும் முன் புதியவர் பழையவருக்கு எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். ‘எதுக்குங்க மேடம் அவருக்கெல்லாம் லெட்டர்?’ என்று சங்கடப்பட வேண்டாம். அதைத் தவிர்க்கிறவர் முதல் நாளிலேயே தம் தொழில் விதியை மீறுகிறார். பழையவருக்குப் பாக்கிக் கட்டணம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுப் போவதுதான் முறை.

நம் ஊரில் ரிட்டர்ன் போடும் எல்லாரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். வரி ஆலோசகர்களிலும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர்களிலும் திறமையானவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் டாக்ஸ் ஆடிட்டிலும் கம்பெனி ஆடிட்டிலும் கையெழுத்திடத் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வைத்திருக்கும் பட்டயக் கணக்காளரால் மட்டுமே முடியும். முதல் சந்திப்புக்குப் போகும்போது கடைசி வருமான வரி ரிட்டர்ன், கடைசி மூன்று மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், 2பி, வரவேண்டிய பாக்கிப் பட்டியல் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது அவருடைய ஆறு இலக்க உறுப்பினர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்குத் தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் உள்ள யுடினில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு இலக்கம் அந்த எண்ணாக இருக்க வேண்டும். udin.icai.org தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம்.